நான் ரோபோ இல்லை, கடிகாரம்தான் தப்பு

விண்ணப்பம் முழுக்க நிரப்பியாயிற்று. பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியில் 'நான் ரோபோ இல்லை' என்று டிக் போடும் கட்டம் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அல்லது கட்டம் வருகிறது. பேருந்து இருக்கிற படங்களைத் தொடச் சொல்கிறது. தொட்டால் சிக்னல் விளக்கு, அதையும் தொட்டால் சாலையைக் கடக்கும் கோடுகள் என்று விடாமல் நீள்கிறது. பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறார்கள். இளைஞர்கள் "சர்வர் டவுன்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் கண்ணிலும் கோளாறு இல்லை, சர்வரிலும் இல்லை. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: புதிர் வரவே இல்லையா, வந்தும் நம்மை ஏற்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

இந்தப் புதிருக்குக் கேப்ட்சா என்று பெயர். பல தளங்களில் அது அந்தத் தளத்தின் சொத்தே அல்ல. விண்ணப்பப் பக்கம் ஓரிடத்திலிருந்து வருகிறது. புதிரை வேறொரு நிறுவனத்தின் கணினி அனுப்புகிறது. கூகுளின் ரீகேப்ட்சா என்றால் `www.google.com`, `www.gstatic.com` ஆகிய இரண்டு முகவரிகளிலிருந்து வரும். கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைல் என்றால் `challenges.cloudflare.com`. அங்கிருந்து வரும் சிறிய நிரல், அதாவது ஸ்கிரிப்ட், நம் பிரவுசரில் ஓடினால்தான் கட்டமே தெரியும். அது வழியில் தடைப்பட்டால் மீதிப் பக்கம் அழகாக நிற்கும், அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். பார்ப்பவருக்குத் தளம்தான் பழுது என்று தோன்றுவது இயல்பு.

தெரிந்தவர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஏப்ரல் 24. கடைக் கணினியில் ஒரு மாணவிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிர் வரவில்லை. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தும் வரவில்லை. அந்த மாணவியின் கைபேசியை அதே வைஃபையில் இணைத்துத் திறந்தால் உடனே வருகிறது. ஆக இணைய இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, தளமும் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு அந்தக் கணினிக்குள்.

"காலையில இருந்தே ஒண்ணு ரெண்டு சைட் திறக்கல சார். நெட்டு ஸ்லோன்னு விட்டுட்டேன்" என்றார் கடைப் பையன்.

குரோம் பிரவுசரில் F12 விசையை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பலகை திறக்கும். அதில் `Console` என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால், எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று சிவப்பு எழுத்தில் வரும். சாதாரண ஆட்கள் அஞ்சி ஒதுங்கும் பலகை இது. ஆனால் அதில் ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும். அன்று வந்த வரி இது:

```
net::ERR_CERT_DATE_INVALID
```

திரையின் வலது மூலையைப் பார்த்தால் தேதி மார்ச் 31. நிதியாண்டுக் கடைசித் தேதியில் ஒரு பில் போட வேண்டியிருந்ததாம். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் கணினியின் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் தேதியைப் பின்னுக்குத் தள்ளி பில்லை அடித்திருக்கிறார்கள். திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள்.

கடிகாரத்துக்கும் புதிருக்கும் என்ன சம்பந்தம்? பாதுகாப்பான ஒவ்வொரு இணைய முகவரியும் தன்னை நிரூபிக்க ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகிறது. அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அந்தத் தேதிகளை நம் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. அன்று விண்ணப்பத் தளத்தின் சான்றிதழ் முந்தைய அக்டோபரில் வாங்கியது. மார்ச் 31 என்றாலும் செல்லும், ஏப்ரல் 24 என்றாலும் செல்லும். அதனால் பக்கம் திறந்தது. புதிர் வரும் முகவரியின் சான்றிதழோ ஏப்ரல் முதல் வாரத்தில்தான் புதுப்பிக்கப்பட்டது. கடைக் கணினியின் கணக்கில் அது இன்னும் பிறக்காத சான்றிதழ். பிரவுசர் ஏற்க மறுத்துவிட்டது.

இதில் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. தளத்தின் சான்றிதழே தவறாகப் பட்டால் குரோம் முழுத்திரையில் `Your clock is behind` என்று எச்சரிக்கும். பக்கத்துக்குள் வரும் ஒரு துண்டின் சான்றிதழ் தவறாகப் பட்டால் எச்சரிக்கை எதுவும் காட்டாது. அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் போனால் எந்தத் தளமும் திறக்காது, காரணமும் அன்றே தெரிந்துவிடும். சில வாரம் மட்டும் பிசகியிருந்தால்தான் பாதி தளம் திறந்து, பாதி திறக்காமல் நம்மை அலைக்கழிக்கும். 2020 முதல் சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் அது 200 நாளாகக் குறைகிறது. 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். ஆயுள் குறையக் குறைய, கடிகாரத்தின் சிறிய பிசகும் தளங்களை முடக்கும்.

தேதியைச் சரிசெய்வதிலும் ஒரு சிக்கல். விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும்தான். ஆனால் வீட்டிலும் கடையிலும் தனியாக இருக்கும் கணினிகளில், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அது இயல்பாகத் திருத்தாமல் ஒதுங்கிவிடும். கடையில் தானியங்கி நேரத்தைத் திரும்ப இயக்கிய பிறகும் தேதி மாறாததற்கு அதுதான் காரணம். முதலில் `Date & time` அமைப்புக்குப் போய், `Set time automatically` என்பதை அணைத்துவிட்டு, தேதியையும் நேரத்தையும் கையால் சரியாக வைக்க வேண்டும். பிறகு அதை இயக்கி `Sync now` அழுத்த வேண்டும். பிரவுசரை மூடித் திறந்ததும் புதிர் வந்துவிட்டது.

நேர மண்டலத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மடிக்கணினியில் மண்டலத்தை பசிபிக் என்றே விட்டுவிட்டு, முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்குத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. திரையில் மணி சரியாகத்தான் தெரியும். உள்ளே கணினி பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புதிர் ஏறலாம், ஆனால் தேறாது. டர்ன்ஸ்டைல் கட்டத்தில் `200100` என்ற எண் தெரிந்தால் கடிகாரம் தவறு என்று பொருள்.

F12 பலகையில் வேறு வரி வந்தால் காரணமும் வேறு. `net::ERR_BLOCKED_BY_CLIENT` என்றால் தடுத்தது உங்கள் பிரவுசரேதான். விளம்பரத்தை மறைக்கவோ ஸ்கிரிப்டை நிறுத்தவோ நீங்கள் சேர்த்த நீட்சி ஒன்று புதிரையும் சேர்த்து நிறுத்திவிட்டது. `net::ERR_NAME_NOT_RESOLVED` என்றால் தடை பெரும்பாலும் பிரவுசருக்கு வெளியே: அலுவலக நெட்வொர்க்கிலோ, விளம்பரம் தடுக்க வைத்திருக்கும் டி.என்.எஸ். அமைப்பிலோ இருக்கும். நீட்சியா இல்லையா என்று அறிய எளிய வழி, அதே பக்கத்தைப் பிரவுசரின் மறைவுச் சாளரத்தில் திறப்பது. குரோமில் நாம் தனியாக அனுமதி கொடுக்காதவரை அங்கே நீட்சிகள் ஓடாது. அங்கே புதிர் வந்தால் குற்றவாளி நீட்சிதான். அதை அடியோடு கழற்ற வேண்டாம், அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தால் போதும். நோஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் `google.com` முகவரியை அனுமதித்துவிட்டு `gstatic.com` முகவரியை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. ஒன்று இல்லாமல் மற்றது வேலைக்கு ஆகாது.

இனி, புதிர் வருகிறது, சரியாகத் தொட்டாலும் ஏற்கவில்லை என்ற கதை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது வி.பி.என். புதிர் உங்கள் கண்ணை மட்டும் சோதிப்பதில்லை. 2014 டிசம்பரில் அந்த டிக் கட்டத்தைக் கூகுள் கொண்டுவந்ததிலிருந்தே, நீங்கள் எந்த முகவரியிலிருந்து வருகிறீர்கள், பிரவுசர் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது. வி.பி.என். போட்டால் உங்கள் சொந்த ஐ.பி. முகவரி மறைந்து, முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பயன்படுத்தும் பொது முகவரி முன்னால் நிற்கும். அவர்களில் ஒருவர் தானியங்கி நிரலை ஓடவிட்டிருந்தால் சந்தேகம் உங்கள் மீதும் விழும். அதனால் படங்கள் மெதுவாக மறைந்து மெதுவாகத் தோன்றும். ஒரு சுற்றில் முடிய வேண்டியது நீளும். `Your computer or network may be sending automated queries` என்ற வாசகம் வந்துவிட்டால் படத்தை எவ்வளவு சரியாகத் தொட்டாலும் பயனில்லை. வி.பி.என்.னை அணைத்துவிட்டு பக்கத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய பக்கத்திலேயே தொடர்ந்தால், புதிரை ஒரு முகவரியில் தீர்த்து விண்ணப்பத்தை இன்னொரு முகவரியிலிருந்து அனுப்பியதாக ஆகிவிடும்.

வி.பி.என். வைத்ததே இல்லை என்பவருக்கும் இது நேரலாம். கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் வேறு முகவரி கிடைக்கும். சில பிரவுசர்களுக்குள்ளேயே வி.பி.என். இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள், ஓபராவில் உண்டு.

அவசரப்பட்டு டிக் போடுவதும் ஒரு காரணம். ரீகேப்ட்சாவில் டிக் விழுந்ததும் கிடைக்கும் அனுமதி இரண்டு நிமிடம்தான் செல்லும். டர்ன்ஸ்டைலில் ஐந்து நிமிடம். ஒருமுறைதான் பயன்படும். டிக்கைப் போட்டுவிட்டு ஆதார் அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தால் அது காலாவதியாகிவிடும். டிக்கைக் கடைசிக்கு வையுங்கள்.

இதற்கெல்லாம் அலுத்துப்போனவரைக் குறிவைத்துப் போலிப் புதிர்களும் உலவுகின்றன. 'சரிபார்ப்பு தோல்வி, விண்டோஸ் விசையோடு R அழுத்துங்கள், Ctrl+V அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள்' என்று அவை வழிகாட்டும். கேப்ட்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே எதையும் ஒட்டச் சொல்லாது. அப்படி ஒட்டுவது ஒரு கட்டளை. சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடும் நிரலை அது இறக்கிவிடும். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.