கன்னத்தில் ஏன் சாம்பல் பூக்கிறது?

சண்டைக் காட்சியில் டூப் நடிகையின் உடலில் கதாநாயகியின் முகத்தைக் கணினியில் பொருத்துகிறார்கள். டூப் சற்றுக் கறுப்பு, மேக்கப் இல்லை. நாயகி மாநிறம், உதட்டில் அடர்சிவப்புச் சாயம். பொருத்தி முடித்ததும், நாயகியின் கன்னம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது.

காரணம் அந்த உதட்டுச் சாயம்தான். மென்பொருள் இரண்டு முகங்களின் சராசரி நிறத்தையும் கணக்கிட்டு, ஒன்றை மற்றொன்றுக்கு இழுக்கிறது. உதட்டுச் சிவப்பும் சேர்ந்ததால் நாயகியின் சராசரி உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரிகிறது. அதைச் சரிக்கட்ட முகம் முழுவதிலும் சிவப்பைக் குறைத்துவிடுகிறது. பாவம், கன்னத்தில் இருந்த இயல்பான சிவப்பும் போய்விடுகிறது.

சந்தேகம் வந்தால் கன்னத்தில் ஒரு புள்ளியின் எண்களைப் பாருங்கள். வெள்ளை வெளிச்சத்தில் எந்தத் தோலிலும் சிவப்பு கூடுதலாகவும், பச்சை அடுத்தும், நீலம் குறைவாகவும் இருக்கும். உதாரணமாக 150, 115, 95. சாம்பல் பூத்த இடத்தில் மூன்றும் நெருங்கி 126, 120, 116 என்று நிற்கும்.

தீர்வு, உதடு, கண், புருவம், முடி எல்லாவற்றையும் மறைத்து, நெற்றி, கன்னம், மூக்கு ஆகியவற்றை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பது. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

நிற வித்தியாசம் அதிகமென்றால் முகத்தைத் தொடாதீர்கள். டூப்பின் கழுத்தையும் கைகளையும் நாயகியின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். முகம் அவருடையது, நிறமும் அவருடையதாகவே இருக்கட்டும்.