‘நே’ வந்தால் வினைச்சொல்லைப் பார்!

குன்னம் தாலுகாவில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தித் தாள் கிடையாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிதான். சி.பி.எஸ்.இ. பள்ளியில் இந்தி ‘பி’ பாடம் எடுத்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் இந்தித் தேர்வுக் கவலை. வீட்டிலோ கடைத்தெருவிலோ காதில் விழாத மொழியில் 80 மதிப்பெண் தேர்வு. அதில் 16 இலக்கணத்துக்கு.

தமிழ்ப் பிள்ளை அதிகம் சறுக்கும் இடம் ‘நே’. ‘ராணி நே கர் ஆகர் கானா காயா’, அதாவது ராணி வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். சாப்பிட்டது பெண்; வினையோ ‘காயா’ என்று ஆண்பாலில் நிற்கிறது. தமிழில் வினை எழுவாயோடு போகும். இந்தியில் இறந்தகாலத்தில் எழுவாயோடு ‘நே’ சேர்ந்துவிட்டால், வினை செயப்படுபொருளின் பின்னால் போய்விடும். கானா ஆண்பால், ஆகவே காயா. ரோட்டீ பெண்பால் என்பதால், ராமன் சாப்பிட்டாலும் ‘காயீ’தான்.

ராணி வாக்கியத்தையே வாக்கிய மாற்றக் கேள்வியில் கூட்டு வாக்கியமாக்கச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ‘ராணி நே கர் ஆயா ஔர் கானா காயா’ என்று எழுதிவிடுவார்கள். ‘வருதல்’ செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு ‘நே’ வராது. ‘ராணி கர் ஆயீ ஔர் உஸ்நே கானா காயா’ என்பதே சரி. முதல் பாதியில் ‘நே’ போய்விட்டதால், இரண்டாம் பாதியில் ‘உஸ்நே’ வந்தே ஆக வேண்டும். கலவை வாக்கியத்திலும் அப்படியே: ‘ஜப் ராணி கர் ஆயீ, தப் உஸ்நே கானா காயா.’

சரிபார்க்க ஒரு வழி உண்டு. எழுதி முடித்ததும் ‘நே’ வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, அந்தந்த வாக்கியத்தின் செயப்படுபொருள் எது, அது எந்தப் பால் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். செயப்படுபொருளோடு ‘கோ’ ஒட்டியிருந்தால் வினை ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்: ‘ராணி நே பஹன் கோ புலாயா.’ லானா, போல்னா, பூல்னா மூன்றும் விதிவிலக்கு. பொதுவாக ‘நே’ ஏற்காதவை. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தே தீர வேண்டும்.

பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதிக்கும் இதே கண் உதவும். யார் செய்தார் என்ற கேள்விக்கு வினையின் பாலை நம்பினால் ஆள் மாறிவிடும். ‘நே’ யாரோடு ஒட்டியிருக்கிறது என்று தேடினால் ஆள் அகப்படுவார்.

கடிதத்துக்கு 5 மதிப்பெண். குன்னத்துக்குக் காலைப் பேருந்து வருவதில்லை என்று பணிமனை மேலாளருக்கு எழுதிப் பழகலாம். பஸ் இந்தியில் பெண்பால். ‘பஸ் நஹீன் ஆதீ’ என்று எழுத வேண்டும். அனுப்புநர் இடத்தில் சொந்த ஊர், பெயர் எழுதாமல் ‘பரீக்ஷா பவன்’ என்றும் ‘क. ख. ग.’ போன்ற எழுத்துகளும் போடுவது வழக்கம். கடைசியில் கையெழுத்துக்கு மேலே மாணவன் ‘பவதீய்’ என்றும், மாணவி ‘பவதீயா’ என்றும் முடிக்க வேண்டும்.