நாட்களை விட்டு விலையை மட்டும் பார்க்கும் இரண்டு சார்ட்டுகள்

பங்குச் சந்தையில் வழக்கமாகப் பார்க்கும் கேண்டில் சார்ட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மெழுகுவத்தி விழுந்தே தீரும். விலை இருபது ரூபாய் ஏறிய நாளுக்கும், ஐம்பது காசு அசைந்த நாளுக்கும் அதே இடம்தான். இப்படிச் சேரும் சில்லறை அசைவுகளையே சந்தைக்காரர்கள் இரைச்சல் என்கிறார்கள். இதை வடிகட்ட ஜப்பானியர்கள் நாட்கணக்கையே கைவிட்டு, விலை போதிய அளவு நகர்ந்தால்தான் கோடு போடுவது என்ற வழியைக் கண்டார்கள். அந்த வழியில் வந்தவை ரெங்கோ, காகி, மூன்று கோட்டு முறிவு ஆகிய சார்ட்டுகள். ஸ்டீவ் நிசன் என்ற அமெரிக்கர் 1994-ல் எழுதிய நூல் மூலம் இவை மேலை நாடுகளில் பரவின. ரெங்கோவில் எல்லாச் செங்கலும் ஒரே அளவு. மற்ற இரண்டிலும் கோட்டின் நீளம் விலையின் போக்கைப் பொறுத்தது.

இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்கலாம். ஒரு பங்கின் முடிவு விலை பன்னிரண்டு நாட்களில் இப்படிப் போனதாக வைத்துக்கொள்வோம்: 100, 106, 103, 112, 108, 118, 114, 109, 117, 107, 101, 98.

காகி என்றால் ஜப்பானிய மொழியில் சாவி. இந்தச் சார்ட்டை வரைபவர் முதலில் ஒரு திருப்ப அளவை முடிவு செய்ய வேண்டும். இங்கே 8 ரூபாய். விலை 112-ஐத் தொட்டதும் 100-லிருந்து மேல்நோக்கி ஒரு தடித்த கோடு எழும்புகிறது. அடுத்த நாள் 108-க்கு இறங்கியது நான்கு ரூபாய்தான், அதனால் கணக்கில் வராது. 118 வந்ததும் அதே கோடு நீள்கிறது. 109-க்கு விழும்போது இறக்கம் 9 ரூபாய். உடனே உச்சியில் ஒரு சிறு படுக்கைக் கோடு போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். 117-க்கு மீண்டபோது சரியாக 8 ரூபாய் ஏறியதால் மறுபடி மேலே திரும்புகிறது. கோடு திரும்பும் மேடான இடத்துக்குத் தோள் என்றும் பள்ளத்துக்கு இடுப்பு என்றும் பெயர். இங்கே தோள் 118, இடுப்பு 109.

கோடு திரும்பியதாலேயே போக்கு மாறிவிட்டது என்று பொருளல்ல. விலை முந்தைய இடுப்புக்குக் கீழே போனால்தான் தடித்த கோடு மெலிகிறது. முந்தைய தோளைத் தாண்டினால் மெல்லிய கோடு தடிக்கிறது. 107-க்கு வந்த நாளில், 109-ஐத் தாண்டும் இடத்தில் கோடு மெலிந்துவிட்டது. வாங்குபவர்களின் கை தளர்ந்ததற்கு அதுதான் அடையாளம்.

மூன்று கோட்டு முறிவில் அளவு எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவு விலை புதிய உச்சத்தைத் தொட்டால் ஒரு வெள்ளைக் கட்டை. 100–106, 106–112, 112–118 என்று மூன்று கட்டைகள் வரிசையாக விழுந்தபின், கறுப்புக் கட்டை விழ வேண்டுமானால் அந்த மூன்றின் அடிமட்டமான 100-க்குக் கீழே விலை முடிய வேண்டும். 109, 107, 101 எதற்கும் இந்தச் சார்ட் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் 98-ல் முடிந்தபோதுதான் 112-லிருந்து 98 வரை ஒரு கறுப்புக் கட்டை இறங்கியது.

காகி 107-ல் சொன்னதை மற்றது 98-ல் சொன்னது. ஒன்பது ரூபாய் தாமதம். ஆனால் 107-க்குப் பிறகு விலை 119-க்குத் திரும்பியிருந்தால், காகியை நம்பி விற்றவர் ஏமாந்திருப்பார். மூன்று கோட்டுச் சார்ட்டில் இன்னொரு வெள்ளைக் கட்டை மட்டும் கூடியிருக்கும். காகியிலும் அளவு சிறிதானால் பொய்த் திருப்பங்கள் பெருகும். பெரிதானால் சேதி பிந்தும். விலை பல மடங்கு மாறும் பங்குகளுக்கு ரூபாய்க் கணக்கைவிடச் சதவீதக் கணக்கே பொருந்தும்.

இரண்டிலும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. கறுப்புக் கட்டை 112-ல் தொடங்குவதைப் பார்த்து அந்த விலையிலேயே விற்றிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டை பிறந்ததே 98-ல். அதற்கு மேல் விற்க அந்தச் சார்ட் யாருக்கும் வாய்ப்புத் தரவில்லை. பழைய விலைகளை வைத்து லாபம் கணக்கிடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். சந்தை நடக்கும்போதே ஓடும் விலையில் வரைந்தால், காலையில் விழுந்த கட்டை மாலையில் மறைந்தும் போகும். ஆகவே முடிவு விலை உறுதியான பிறகே கோடு போட வேண்டும்.

விலை ஒரு திசையில் நீண்டு போகும் காலத்தில் இவை நன்றாக வேலை செய்யும். குறுகிய எல்லைக்குள் மேலும் கீழும் ஆடும் சந்தையில், உச்சிக்கு அருகில் வாங்கவும் அடிமட்டத்துக்கு அருகில் விற்கவும் சொல்லிக்கொண்டிருக்கும்.