அரசு கடன் வாங்கினால் யாருக்குக் கடன் கிடைக்காமல் போகிறது?

2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசு சந்தையிலிருந்து நிகரமாக 11.54 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கப்போவதாக அறிவித்தது. பழைய கடனை அடைக்க வாங்குவதையும் சேர்த்தால் 14.82 லட்சம் கோடி. இவ்வளவு பணத்தையும் யார் கொடுக்கிறார்கள்? பெரும்பகுதி நம் பணம்தான். வங்கியில் போடும் டெபாசிட், எல்.ஐ.சி. பிரீமியம், பி.எஃப். பிடித்தம் எல்லாம் சுற்றி வளைத்து அரசின் கடன் பத்திரங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. தொழில் தொடங்க நினைப்பவரும் இதே சேமிப்பை நம்பித்தான் வங்கிக்குப் போகிறார்.

சேமிப்பவர்கள் ஒரு பக்கமும் கடன் கேட்பவர்கள் மறுபக்கமும் நிற்கும் இந்த இடத்தைப் பொருளாதார நூல்கள் கடன் நிதிச் சந்தை என்கின்றன. இங்கே விலை என்பது வட்டி. வட்டி ஏறினால் சேமிப்பு கொஞ்சம் கூடும். கடன் கேட்பவர்கள் குறைவார்கள்.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வட்டி 8 சதவீதமாக இருக்கும்போது மக்கள் 100 கோடி சேமிக்கிறார்கள், தொழில்துறை அந்த 100 கோடியையும் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் சேமிப்பு 5 கோடி கூடும், தொழில்துறை கேட்கும் கடன் 10 கோடி குறையும். இப்போது பட்ஜெட்டில் துண்டு விழுந்து, அரசு 30 கோடி கேட்டு வருகிறது. பழைய வட்டியில் 130 கோடிக்குத் தேவை இருக்கிறது. பணமோ 100 கோடிதான். வட்டி ஏறுகிறது, 10 சதவீதத்தில் நிற்கிறது. அங்கே சேமிப்பு 110 கோடி. அதில் அரசு 30 கோடியை எடுத்துக்கொள்ள, தொழில்துறைக்கு மிஞ்சுவது 80 கோடி.

ஆக, அரசு வாங்கிய 30 கோடியில் 10 கோடி மக்கள் செலவைக் குறைத்துக் கூடுதலாகச் சேமித்தது. 20 கோடி தொழில்துறையிடமிருந்து போனது. அரசுக் கடன் தனியார் முதலீட்டை நெருக்கித் தள்ளுகிறது என்பது இந்த 20 கோடியைத்தான். 30 கோடியும் அப்படியே பறிபோவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த 20 கோடி யாருடையது? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் ஒரு கோடிக்குப் புது மெஷின் வாங்கக் கணக்குப் போடுகிறார். வருடத்துக்கு 9 லட்சம் வரும் என்று தெரிகிறது. 8 சதவீத வட்டி என்றால் 8 லட்சம் போக ஒரு லட்சம் கையில் நிற்கும். 10 சதவீதம் என்றால் வட்டிக்கே 10 லட்சம் வேண்டும். அவர் மெஷின் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவார். அரசு அப்படி விடாது. வட்டி ஒரு சதவீதம் ஏறியது என்பதற்காகச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாதே! அதனால் விலகிப் போகிறவர் எப்போதும் தனியார்தான்.

வட்டி ஏறாமலும் இது நடக்கும். 1990-ல் வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 38.5 சதவீதத்தை அரசுப் பத்திரங்கள் போன்றவற்றில் கட்டாயம் போட வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கியிடம் வைக்கவேண்டிய 15 சதவீதம் தனி. நூறு ரூபாய் டெபாசிட் வந்தால் ஐம்பது ரூபாய்க்கு மேல் அதிலேயே முடங்கிவிடும். வட்டியையும் பெரும்பாலும் மேலிருந்தே நிர்ணயித்தார்கள். அதனால் தொழில்முனைவோருக்கு அதிக வட்டி என்ற வடிவத்தில் மட்டுமல்ல, 'கடன் இல்லை' என்ற பதிலாகவும் இது வந்து சேர்ந்தது. 1991-ல் நரசிம்மம் குழு இந்தக் கட்டாய முதலீட்டை 25 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. 2020 முதல் அது 18 சதவீதம்.

ஆனால் கணக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவே, மத்திய அரசு தன் சந்தைக் கடன் திட்டத்தை 7.8 லட்சம் கோடியிலிருந்து 12 லட்சம் கோடியாக உயர்த்தியது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி எகிறியிருக்க வேண்டும். அது 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆலைகள் மூடிக் கிடந்தன, புதிதாக முதலீடு செய்யக் கடன் கேட்டவர்கள் சிலரே. ரிசர்வ் வங்கியும் ரெப்போ வட்டியை 4 சதவீதமாகக் குறைத்துப் பத்திரங்களையும் வாங்கியது. வரிசையில் ஆளே இல்லாதபோது யாரையும் நெருக்கித் தள்ள முடியாது.

எனவே அரசுக் கடனின் தொகையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியையும் தொழில்துறைக்கு வங்கிகள் தரும் கடனையும் சேர்த்துப் பாருங்கள். விலைவாசியும் ரெப்போவும் ஏறாதபோது முன்னது ஏறிப் பின்னது சுருங்கினால், நெருக்கித் தள்ளல் நடப்பதாகச் சந்தேகிக்கலாம். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தனியார் கைவிட்ட மெஷினைவிட அதிகம் பயன் தரும் எதையாவது அரசு அந்தப் பணத்தில் கட்டுகிறதா?