127 பல் சக்கரம் இல்லாதபோது

பட்டறை ஒன்றில் பழைய லேத் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அங்குல அளவில் செய்யப்பட்ட எந்திரம். அதன் நீளவாக்கில் செல்லும் லீட் ஸ்குருவில் அங்குலத்துக்கு 4 புரிகள் உள்ளன. வந்திருக்கும் வேலையோ மெட்ரிக் வேலை: 10 மி.மீ. தடிப்புள்ள போல்ட்டில் 1.5 மி.மீ. புரியிடைத் தூரத்தில் மரை வெட்ட வேண்டும். எந்திரத்தோடு வந்த மாற்றுப் பற்சக்கரங்கள் 20 பல்லில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூடி 120 பல் வரை செல்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் உண்டு. இவற்றுள் எவற்றைப் பூட்டுவது?

முதலில் வேண்டிய விகிதத்தைக் காண்போம். போல்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றும்போது வெட்டும் உளி 1.5 மி.மீ. நகர வேண்டும். உளியை நகர்த்துவது லீட் ஸ்குரு. அது ஒரு சுற்றுச் சுற்றினால் உளி கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. நகரும். ஆகவே ஸ்பிண்டில் ஒரு முறை சுற்றும்போது லீட் ஸ்குரு 1.5/6.35 பங்கு சுற்ற வேண்டும். இதைச் சுருக்கினால் 30/127 என்று வரும்.

இங்கேதான் சிக்கல். 127 ஒரு பகா எண். அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ. என்று 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில கூடி முடிவு செய்தன. 25.4 என்பது 127/5. எனவே அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்டும்போதெல்லாம் இந்த 127 வந்து வழிமறிக்கிறது.

பகா எண் ஏன் வழிமறிக்க வேண்டும்? கூட்டுப் பற்சக்கரத் தொடரில் நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. ஸ்பிண்டிலிலிருந்து ஓட்டம் பெறும் முதல் அச்சில் உள்ள 'அ' என்ற சக்கரம், நடு அச்சில் உள்ள 'ஆ'வை ஓட்டுகிறது. அதே நடு அச்சில் 'ஆ'வோடு சேர்த்துப் பூட்டப்பட்ட 'இ', லீட் ஸ்குருவின் முனையிலுள்ள 'ஈ'யை ஓட்டுகிறது. விகிதம் (அ × இ)/(ஆ × ஈ). பெருக்கல்தான் நடக்கிறதே தவிர கூட்டல் இல்லை. ஆகவே பகுதியில் 127 வேண்டுமானால், ஆ அல்லது ஈ இரண்டில் ஒன்று 127-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். நம்மிடம் உள்ள சக்கரங்கள் எதிலும் 127 என்னும் காரணி இல்லை. எத்தனை சக்கரங்களைத் தொடுத்தாலும் அது பிறக்கப் போவதில்லை.

காரணிகள் கைவசம் இருந்தால் கணக்கு எளிது. அங்குலத்துக்கு 40 புரிகள் வெட்ட வேண்டும் என்றால் விகிதம் 4/40, அதாவது 1/10. ஒரே சோடியில் இது முடியாது. 20 பல் சக்கரத்துக்கு 200 பல் துணை வேண்டும். எனவே 1/10-ஐ 2/5, 1/4 என்று இரண்டாக உடைத்து, 20/50 × 25/100 என்று பூட்டிவிடலாம். கூட்டுத் தொடரின் பயனே இதுதான்: பெரிய விகிதத்தைக் காரணிகளாக உடைத்து, கையிலுள்ள சக்கரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது.

30/127-ஐ அப்படி உடைக்க வழியில்லை. ஆகவே அதற்கு மிக அருகில் இருக்கும், ஆனால் உடைபடக்கூடிய வேறொரு பின்னத்தைத் தேட வேண்டும். இந்தத் தேடலுக்கு அழகான முறை ஒன்றை அஷீல் புரோக்கோ என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் 1861-இல் வெளியிட்டார். கடிகாரம் செய்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். வேண்டிய விகிதத்தில் பெரிய பகா எண் வந்தால் அத்தனை பற்களை வெட்ட முடியாது. அவருடைய முறைக்குக் கூட்டல் தெரிந்தால் போதும். பள்ளியில் பின்னங்களைத் தவறாகக் கூட்டும் மாணவன் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுவான் அல்லவா? அதையே இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். அப்படிக் கிடைக்கும் பின்னம், முதல் இரண்டு பின்னங்களுக்கும் நடுவில் எங்கோ விழும்.

நம் இலக்கான 30/127 என்பது தசமத்தில் 0.23622. இது 1/5-க்கும் 1/4-க்கும் இடைப்பட்டது. இவ்விரண்டையும் அவ்வாறு கூட்டினால் 2/9 வரும், அது 0.2222, இலக்குக்குக் கீழே. எனவே கீழ் எல்லையான 1/5-ஐத் தள்ளிவிட்டு 2/9-ஐ வைத்துக்கொள்கிறோம். 2/9-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் 3/13, இதுவும் கீழே. அடுத்து 4/17, 0.23529, இன்னும் கீழேதான். 4/17-உம் 1/4-உம் சேர்ந்து 5/21, இது 0.2381, இலக்குக்கு மேலே போய்விட்டது. ஆகவே இப்போது மேல் எல்லை மாறுகிறது. 4/17-உம் 5/21-உம் சேர்ந்தால் 9/38, மேலே. 4/17-உம் 9/38-உம் சேர்ந்தால் 13/55, இது 0.23636, மேலேதான், ஆனால் மிக அருகில். 4/17-உம் 13/55-உம் சேர்ந்தால் 17/72, இது 0.23611, கீழே. இன்னும் ஒரு படி எடுத்துப் பாருங்கள்: 17-உம் 13-உம் 30, 72-உம் 55-உம் 127. இலக்கின் மேலேயே வந்து நின்றுவிட்டோம்!

ஆகவே இலக்குக்கு முந்திய இரு படிகள் 13/55, 17/72. இரண்டுமே உடைபடுகின்றன. 13 நமக்கு 65 பல் சக்கரத்தில் இருக்கிறது. 11 என்பது 55-இல் இருக்கிறது. 17 என்பது 85-இல் இருக்கிறது. 13/55-ஐ 65/55 × 20/100 என்று பூட்டலாம். 17/72-ஐ 85/90 × 25/100 என்று பூட்டலாம். முதலாவது 1.5009 மி.மீ. புரியிடைத் தூரத்தைத் தரும்; இரண்டாவது 1.4993 மி.மீ. தரும். பிழை பத்தாயிரத்தில் 6 பங்கு, 5 பங்கு என்ற அளவே. இரண்டாவது சற்று மேல்.

இதைவிட நெருக்கமானது இருக்காதா என்று கேட்பீர்கள். 21 சக்கரங்களில் நான்கை எடுத்து நான்கு இடங்களில் வைக்க 1,43,640 வழிகள் உண்டு. இன்றைய கணினி அத்தனையையும் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடும். பார்த்தாலும் இந்தச் சக்கரக் கூட்டத்தில், இரண்டு சோடிகளைக் கொண்டு, 17/72-ஐ விட நெருங்க முடியாது. புதிதாக ஒரு சக்கரம் செய்துகொள்ள முடியுமானால் 63 பல்லில் செய்துகொள்ளுங்கள். 127-இல் ஏறக்குறையப் பாதி அது, உருவிலும் சிறியது. 63/80 × 30/100 என்று பூட்டினால் 1.5002 மி.மீ. கிடைக்கும். பிழை முன்னதில் ஏறத்தாழக் கால் பங்காகிவிடும்.

எண் பொருந்திவிட்டால் சக்கரமும் பொருந்திவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். 65/55 × 20/100 என்பதில் ஓட்டும் சக்கரங்களை இடம் மாற்றி, 20/55 × 65/100 என்று போட்டாலும் விகிதம் மாறாது. ஆனால் பூட்ட முடியாமல் போகலாம். சக்கரங்கள் 2 மாடியூல் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு பல்லுக்கு 2 மி.மீ. வீதம் சக்கரத்தின் விட்டம் அமையும். அப்போது 20 பல்லும் 55 பல்லும் கோத்து நிற்கையில் அவற்றின் அச்சு மையங்களுக்கு இடையே 75 மி.மீ. இருக்கும். நடு அச்சில் கூடவே சுற்றும் 65 பல் சக்கரத்தின் பல்முனை, தன் மையத்திலிருந்து 67 மி.மீ. வரை நீள்கிறது. மிச்சம் 8 மி.மீ. முதல் அச்சின் விட்டம் 20 மி.மீ. என்றால் அதன் ஆரமே 10 மி.மீ.; சக்கரம் அச்சில் இடித்துவிடும்.

ஆகவே பூட்டுமுன் ஒரு சிறு சோதனை செய்துகொள்வது நல்லது. அ, ஆ இரண்டின் பற்களைக் கூட்டினால் வரும் எண், இ-யின் பற்களைவிடக் குறைந்தது 15 கூடுதலாக இருக்க வேண்டும். அதேபோல இ, ஈ இரண்டின் கூட்டல் ஆ-வைவிட 15 கூடுதலாக இருக்க வேண்டும். நாம் தேர்ந்த 85/90 × 25/100 இரு சோதனைகளிலும் தேறுகிறது: 175-க்கு எதிரே 25, 125-க்கு எதிரே 90. அச்சு தடிப்பாக இருந்தால் 15 என்பதையும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி அந்த மிகச் சிறு பிழை என்ன செய்யும் என்று பார்ப்போம். ஒவ்வொரு புரியிலும் அது சேர்ந்துகொண்டே போகும். 10 மி.மீ. போல்ட்டின் நட்டு சுமார் 8 மி.மீ. கனம் உடையது. அந்த நீளத்தில் 17/72 தரும் பிழை 0.004 மி.மீ.கூட இல்லை, நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளியில் அது மறைந்துபோகும். 50 மி.மீ. ஆழமுள்ள துளையில் இறங்கும் திருகானாலும் பிழை 0.02 மி.மீ. அளவில்தான் நிற்கும். இதற்குப் பதிலாக, நான்கு சக்கரம் எதற்கு என்று 4/17-ஐ எடுத்து 20/85 என ஒரே சோடியோடு நிறுத்தியிருந்தால், அதே ஆழத்தில் பிழை 0.2 மி.மீ. ஆகிவிடும். திருகு பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.

இறுகும் விதத்தைக் கொண்டே நோயைக் கண்டுகொள்ளலாம். முதல் புரியிலேயே நட்டு ஏற மறுத்தால் பெரும்பாலும் மரை போதிய ஆழம் வெட்டப்படவில்லை. இரண்டு மூன்று சுற்று தளர்வாக ஏறி, பிறகு சுற்றுக்குச் சுற்று இறுகிக்கொண்டே போனால் புரியிடைத் தூரத்தில்தான் கோளாறு. அப்போது இன்னும் ஆழமாக வெட்டுவது மரையைப் பலவீனப்படுத்துமே தவிரக் கோளாற்றைத் தீர்க்காது. இந்நிலை வராமலிருக்க, ஒரு வீண் கம்பியில் உளியை மெல்லக் கீறலாக ஓட்டி, 100 புரிகளை எண்ணி அளந்து பாருங்கள். 150 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 4/17 என்றால் 149.4 வரும்; சாதாரண அளவுகோலிலேயே தெரிந்துவிடும். 17/72 என்றால் 149.93; இதைக் காண வெர்னியர் அளவி வேண்டும்.

ஆனால் அளப்பதற்கென்றே செய்யும் திருகுகளுக்கு இந்த முறை ஆகாது. 300 மி.மீ. நீளத்தில் 0.14 மி.மீ. பிழை என்பது, அளவுத் தட்டு பூட்டிய எந்திரத் திருகு ஒன்றில் பொறுக்கத் தக்கதன்று. அந்த வேலைக்கு 127 பல் சக்கரமே வேண்டும். அல்லது மெட்ரிக் லீட் ஸ்குரு உள்ள எந்திரத்துக்குப் போக வேண்டும்.

வேலையைத் தொடங்கிய பின் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மரையை ஒரே வெட்டில் முடிக்க இயலாது. பல முறை உளியை அதே பள்ளத்தில் ஓட்ட வேண்டும். அங்குல மரை வெட்டும்போது, லீட் ஸ்குருவைக் கவ்வும் இருகூறான நட்டைத் திறந்து, உளியைக் கையால் பின்னுக்குக் கொண்டுவந்து, காட்டும் முள்ளைப் பார்த்து மறுபடி மூடுவது வழக்கம். மெட்ரிக் மரையில் அந்த முள் வழிகாட்டாது. லீட் ஸ்குருவின் புரிகளும் போல்ட்டின் புரிகளும் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. எங்கோ ஓர் இடத்தில் மூடினால் உளி புதுப் பள்ளத்தில் இறங்கி மரையைக் கெடுத்துவிடும். ஆகவே நட்டைத் திறக்காமலே உளியை வெளியே இழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டி, தொடங்கிய இடத்துக்கும் சற்று அப்பால் வரை கொண்டுபோய், பற்களுக்கிடையே உள்ள தளர்வு நீங்கும்படி முன்னோக்கி ஓட்டி, அடுத்த வெட்டைத் தொடங்க வேண்டும்.