குளத்தின் குறுக்கே ஒரு கோடு

சென்ற வாரம் பார்த்த பிதாகரஸ் தேற்றத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூலை செங்கோணமாக இருந்தே ஆகவேண்டும். குளத்தங்கரையில் அப்படி ஓர் இடம் லேசில் வாய்க்காது. செங்கோணம் அமைகிற இடத்தில் கருவேலம் புதர் மண்டியிருக்கும், அல்லது யாராவது வேலி போட்டிருப்பார்கள். எந்தக் கோணமானாலும் ஏற்றுக்கொள்வது கொசைன் விதி.

இக்கரைப் படித்துறை A, எதிர்க்கரை அரசமரம் B என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது இவற்றுக்கு இடையிலான தூரம். இரண்டுக்கும் நேராக, தண்ணீரில் கால் வைக்காமல் டேப் இழுக்க முடிகிற இடமாகப் பார்த்து ஒரு முளை அடிக்கிறோம். அது C. அங்கிருந்து படித்துறை 62 மீட்டர், அரசமரம் 85 மீட்டர்.

இனி C-யில் உள்ள கோணம் வேண்டும். கைபேசித் திசைகாட்டியை நம்பவேண்டாம். பக்கத்தில் ஒரு பைக் நின்றாலே முள் சில டிகிரி விலகிவிடும். இந்தக் குளத்தில் ஒரு டிகிரி பிசகினால் விடையில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போய்விடும். டேப்பில் 10 சென்டிமீட்டர் தவறினால்கூட அவ்வளவு சேதமில்லை.

கோணத்தையும் டேப்பாலேயே அளக்கலாம். C-யிலிருந்து இரண்டு கோடுகளிலும் 10 மீட்டரில் தலா ஓர் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி அளந்தால் 12.04 மீட்டர். இந்தச் சின்ன முக்கோணத்துக்கும் அதே விதிதான்:

cos C = 1 − 12.04² / 200 = 0.2752

கோணம் ஏறக்குறைய 74 டிகிரி. உண்மையில் டிகிரியே தேவையில்லை, கொசைன் கிடைத்தால் போதும். ஆணிகளை ஒரு மீட்டரிலேயே அடித்துவிட்டால் என்ன என்று சோம்பல் கேட்கும். 10 மீட்டரில் அடித்திருந்தால், ஆணிக்கு ஆணி அளப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தாலும் விடையில் சுமார் 7 சென்டிமீட்டர்தான் மாறும். ஒரு மீட்டரில் அடித்தால் அதே பிழை 70 சென்டிமீட்டராகிவிடும்.

இப்போது பெரிய முக்கோணம்:

AB² = 62² + 85² − 2 × 62 × 85 × 0.2752

11069-இல் 2901 போக 8168. வர்க்கமூலம் 90.4 மீட்டர்.

விடையை உடனே நம்பிவிடாமல், C செங்கோணமாக இருந்திருந்தால் என்ன வரும் என்று பாருங்கள்: 11069-இன் வர்க்கமூலம், 105.2. நம் கோணம் அதைவிடக் குறுகியது, ஆகவே தூரமும் குறையவேண்டும், குறைந்திருக்கிறது. கோணம் 90-ஐத் தாண்டினால் கொசைன் எதிர்க்குறி பெறும், கழித்தல் கூட்டலாகிவிடும். மாணவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

இந்தச் சோதனைக்கும் சிக்காத ஒரு தவறு உண்டு. தியோடலைட் வைத்து 74 டிகிரி என்று அளந்து, கால்குலேட்டரில் cos 74 தட்டுகிறீர்கள். அது ரேடியனில் இருந்தால் 0.1717 காட்டும், தூரம் 96.2 மீட்டர் வரும். 105-க்குக் குறைவு, பார்வைக்கு நியாயமான எண், ஆனால் ஏறத்தாழ 6 மீட்டர் பொய். கணக்கைத் தொடங்குமுன் cos 60 தட்டிப் பாருங்கள். 0.5 வரவில்லையென்றால் முதலில் கால்குலேட்டரை டிகிரிக்கு மாற்றுங்கள்.