வரப்பைச் சுற்றி நடந்து நிலம் அளப்பது

கையில் கைப்பேசியோடு வயலின் வரப்பை ஒரு சுற்று நடந்து வந்தால், நிலம் எத்தனை சென்ட் என்று திரையில் காட்டும் செயலிகள் பல உண்டு. கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் சில்லு, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். நடப்பவர் கடக்கும் இடங்களைச் செயலி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் குறித்துக்கொண்டே வரும். அந்த எண்களில் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். நான்கு இலக்கத்தோடு நின்றுவிடும் செயலி வயல் அளக்க உதவாது, ஏனென்றால் நான்காவது இலக்கமே 11 மீட்டர்.

குறித்த புள்ளிகளிலிருந்து பரப்பு எப்படி வருகிறது என்பது பள்ளிக் கணக்குதான். நாலு மூலை உள்ள ஒரு நஞ்சைத் துண்டை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு மூலையும் அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று எழுதினால் (0, 0), (60, 0), (56, 36), (4, 32) என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையின் கிழக்குத் தூரத்தை அடுத்த மூலையின் வடக்குத் தூரத்தால் பெருக்க வேண்டும். அதிலிருந்து, அடுத்த மூலையின் கிழக்குத் தூரத்தை இந்த மூலையின் வடக்குத் தூரத்தால் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். இப்படி நான்கு பக்கத்துக்கும் செய்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. இந்தத் துண்டில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பூஜ்யம் ஆகிவிடும். மீதி இதுதான்:

```
60×36 − 56×0 = 2160
56×32 − 4×36 = 1648
(2160 + 1648) ÷ 2 = 1904
```

1904 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், நிலம் 47 சென்ட். வரப்பு வளைந்து போனாலும் கணக்கு இதேதான், புள்ளிகள் மட்டும் கூடும்.

கணக்கில் பிழை வராது, புள்ளிகளில்தான் வரும். திறந்த வெளியில்கூடச் சாதாரணக் கைப்பேசி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து 5 மீட்டர் வரை விலகியிருக்கலாம். இதைக் கேட்டதும் பலர் அளவே வீண் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளி விழுந்தால், நிலத்தின் படம் பக்கத்து வயலுக்குள் நகர்ந்திருக்கும், ஆனால் பரப்பு இம்மியும் மாறாது. சில நிமிடங்களுக்குள் சுற்றி முடித்தால் விலகலில் ஒரு பகுதி இப்படிப் பொதுவானதாகவே இருக்கும். மூலைக்கு மூலை மாறும் விலகல்தான் பரப்பைக் கெடுக்கும். மேலே சொன்ன துண்டில் வடகிழக்கு மூலை மட்டும் 3 மீட்டர் வடக்கே தள்ளி விழுந்தால் பரப்பு 84 சதுர மீட்டர், அதாவது 2 சென்ட் கூடிவிடும். 47 சென்ட்டில் அது நூற்றுக்கு நாலுக்கு மேல். அதே பிழை 5 ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு மூலையில் நேர்ந்தால் 5 சென்ட் அளவுக்கு வரும், ஆனால் 500 சென்ட்டில் அது நூற்றுக்கு ஒன்றுதான். ஆகவே பெரிய நிலத்தில் நம்பகம் அதிகம், பத்து இருபது சென்ட் துண்டில் மிகக் குறைவு.

ஜிபிஎஸ்ஸைவிட நடப்பவரின் கால் செய்யும் பிழை பெரிதாகிவிடுவதும் உண்டு. வரப்பில் புல் மண்டியிருக்கிறது, சேறாக இருக்கிறது என்று வயலுக்குள் இறங்கி ஒரு மீட்டர் உள்ளே தள்ளியே நடந்தால், இந்த 47 சென்ட் துண்டில் நாலு சென்ட்டுக்கு மேல் காணாமல் போகும். சுற்றளவு 180 மீட்டர், அதில் மீட்டர் அகலப் பட்டை ஒன்று முழுக்க விடுபடுகிறது. எத்தனை முறை சுற்றினாலும் இந்தக் குறை சராசரியில் சரியாகாது. எனவே எங்கே நடப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பொது வரப்பு என்றால் அதன் நடுவில், உரக் கணக்குக்கு என்றால் பயிர் நிற்கும் ஓரத்தில்.

தொடங்கும் முன் திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று, செயலி காட்டும் துல்லிய அளவு இறங்கி நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். கைப்பேசியைச் சட்டைப் பையில் போடக் கூடாது, உடம்பு சிக்னலை மறைக்கும். கையில் நெஞ்சளவு உயரத்தில் பிடித்து நிதானமாக நடப்பது நல்லது. மூலைகளில் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் சில கைப்பேசிகள் மூலையை வெட்டி வளைவாகப் பதிவு செய்துவிடும்.

அளவு கெட்டதா என்பதைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போதே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதே எல்லைக்கல்லின் மேல் நிற்கும்போது திரையில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் ஆறேழு மீட்டர் இடைவெளி இருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிட வேண்டும். இடைவெளி இல்லை என்பதாலேயே அளவு சரி என்றும் ஆகாது. அதனால் எதிர்த்திசையில் ஒரு சுற்றும், செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும் வேறொரு வேளையில் ஒரு சுற்றும் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு வரப்பை டேப்பால் அளந்து திரையில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்ல சோதனை. தென்னந்தோப்பிலும் உயரமான கட்டடத்தின் ஓரத்திலும் சிக்னல் மங்கும், மோதித் திரும்பியும் வரும். அங்கே நடந்த தடம் திரையில் கோணல்மாணலாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தை டேப்பால்தான் அளக்க வேண்டும்.

வேலி போடக் கம்பி வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தபடி தானாகப் பதியும் தடத்தில் புள்ளிகள் இப்படியும் அப்படியும் ஆடும். பரப்பில் அந்த ஆட்டம் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சுற்றளவில் ஈடுகட்டாது, ஒவ்வொரு ஆட்டமும் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் வேலிக்கு, மூலைகளில் மட்டும் நின்று புள்ளி வைக்கும் முறையில் வரும் சுற்றளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

செயலி காட்டும் அளவைப் பட்டாவோடு ஒப்பிடுபவர்கள் அலகில் தடுமாறுவது உண்டு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். நம் 1904 சதுர மீட்டர் பட்டாவில் 19 ஏர். சரிவான நிலத்தில் வேறொரு வித்தியாசமும் வரும். செயலி கிடைமட்டப் பரப்பைத்தான் சொல்லும். 20 டிகிரி சரிவில் டேப் 100 மீட்டர் காட்டும் இடத்தில் கிடைமட்ட நீளம் 94 மீட்டர்தான்.

உரம், விதை, நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றுக்கு இந்த அளவு போதும். ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசம் அங்கே பெரிதல்ல. எல்லை எங்கே என்ற கேள்விக்கு மட்டும் இது பதில் சொல்லாது. பரப்பு சரியாக வந்தாலும் படம் மொத்தமாகச் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். அதைச் செயற்கைக்கோள் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பதும் உதவாது, அந்தப் படமே சில மீட்டர் விலகியிருக்கக்கூடும். அண்டை வயல்காரரோடு வரப்புத் தகராறு என்றால், கைப்பேசியைக் காட்டி வாதாடாமல் நில அளவைக்கு மனு கொடுங்கள். சர்வேயர் எஃப்.எம்.பி. படத்தில் உள்ள அளவுகளைக் கொண்டு கல் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டுவார்.